மூடிய அஸ்திவாரத்துக்கு ஒரு சான்று

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று அளவு அக்காவின் மனசில் எப்போதும் இருக்கும். கணவர் அதில் முதல் ஆள். மோட்டார் ரிப்பேர் செய்கிற மனுஷன்; பத்து வருஷமாக இவள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் காலைச் சமையலை அவர்தான் பார்க்கிறார், உப்பு மட்டும் ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை. அடுத்து, கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கான்ட்ராக்டர். பிறகு தங்கை, பக்கத்து வீட்டுக்காரி, இன்னும் யார் யாரோ. இந்தப் பட்டியலில் மில்லிமீட்டர் என்கிற ஆள் ஒரு நாள் இடம் பிடிப்பார் என்று அந்த மழை மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், கையிலிருக்கும் டேப்பாலேயே அடித்திருப்பாள்.

அவளுடைய வேலை அளவெடுப்பது, அளவு அக்கா என்கிற பெயரும் அதில் வந்ததுதான். பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புது வகுப்பறைக் கட்டடங்கள் இரண்டு எழும்பிக்கொண்டிருந்தன. சுவர் எத்தனை சதுர மீட்டர், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று அளந்து எழுதி, மாதா மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் கான்ட்ராக்டர் சார்பில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இதுவரை முடிந்த வேலை இவ்வளவு, அதற்குச் சான்று கொடுங்கள் என்று கேட்பதுதான் அந்த விண்ணப்பம். பள்ளி நிர்வாகம் அமர்த்தியிருந்த எஞ்சினியர் அதைச் சரிபார்த்துச் சான்றில் கையெழுத்துப் போட்டால்தான் நிர்வாகம் பணம் கொடுக்கும். தளத்தில் எல்லோரும் அதைச் சர்டிபிகேட் என்பார்கள், ஏதோ பட்டம் வாங்குகிற மாதிரி.

அளவு அக்கா இந்த வேலையைப் பள்ளியில் படித்து வரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்வேயரிடம் டேப்பின் முனையைப் பிடிக்கிற வேலைக்குப் போனாள். பூஜ்யம் இருக்கிற முனையைச் சுவர் மூலையில் வைத்து, அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்ணைப் படிப்பது மறுமுனையில் இருப்பவர். அந்த முனை அரை விரல் நழுவினால் மொத்தக் கணக்கும் தப்பு. இவள் நழுவவிட்டதே இல்லை. நாலு வருஷத்தில் படிக்கும் முனைக்கு வந்துவிட்டாள், அதற்கப்புறம் எழுதும் மேசைக்கு. இன்றைக்கும் யாராவது பூஜ்யத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

மில்லிமீட்டர், பள்ளி நிர்வாகத்தின் மேற்பார்வையாளர். தினமும் தளத்திலேயே நின்று வேலையைப் பார்ப்பார். அவள் எடுக்கும் ஒவ்வொரு அளவையும் அவளோடு சேர்ந்து எடுத்து, அளவுத்தாளில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒல்லியான ஆள், காதில் பென்சில், தோளில் ஒரு ரெக்சின் பை. டேப் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் சின்ன எண்ணைத்தான் படிப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற அந்த மனுஷனுக்குத் தளத்து ஆட்கள் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். கேட்டும் கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரணம் ஒரு சென்டிமீட்டர். முதல் கட்டடத்தின் கழிப்பறைகளில் இருபத்து நாலு வென்டிலேட்டர்கள். பூச்சு வேலையை அளக்கும்போது அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிக்க வேண்டியதில்லை, அதைத் தாண்டினால் கழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் விதி. இவள் எழுபதுக்கு எழுபத்தொன்று என்றாள், அரைக்குள் வரும். அவர் எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று என்றார், அரையைத் தாண்டும். கடைசியில் எஞ்சினியரே வந்து அளந்து மில்லிமீட்டர் சொன்னதுதான் சரி என்றார். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான். அதற்கப்புறம் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, நடுவில் மேஸ்திரியை வைத்துத்தான் பேச்சு. "மேஸ்திரி, அந்தம்மாவை இந்தத் தாள்ல தேதி போடச் சொல்லுங்க" என்பார் அவர். "மேஸ்திரி, போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்பாள் இவள். பாவம் மேஸ்திரி, தபால்காரர் மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

ஒரு சென்டிமீட்டருக்கா இத்தனை நாள் என்று கணவர் கேட்டார். இருபத்து நாலு சென்டிமீட்டர் என்றாள் இவள்.

பேச்சு நின்றதில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் அன்றன்றைய அளவுத்தாளில் அன்றன்றே இரண்டு கையெழுத்தும் விழும். இப்போது அவர் முகத்தைத் தினமும் பார்ப்பானேன் என்று, வாரக் கடைசியில் எல்லாத் தாளையும் மொத்தமாக மேஸ்திரியிடம் கொடுத்துவிட ஆரம்பித்தாள். இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தாள்.

இரண்டாவது கட்டடத்தின் கிழக்கு மேற்காக ஓடும் நீளச் சுவருக்கு நாற்பத்திரண்டு மீட்டர் அஸ்திவாரக் குழி. ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டி, குழி முழுக்கக் கான்கிரீட் ஊற்றுவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தது. அளவு அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெள்ளிக்கிழமைதான் கான்கிரீட், அதற்குள் வந்து குழியை அளந்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

வானம் அவளிடம் கேட்கவில்லை. புதன்கிழமை மதியம் இருட்டிக்கொண்டு வந்தது. குழியின் கிழக்குப் பாதியில் மண் பொதபொதவென்று இருந்ததால் எஞ்சினியரிடம் போனில் கேட்டு, கெட்டித் தரை வரும்வரை காலையிலேயே இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். முதல் தூறலிலேயே கரை சரிய ஆரம்பித்தது. விட்டால் குழியே மூடிவிடும், உள்ளே இறங்குகிற ஆளுக்கும் ஆபத்து. மேஸ்திரி மறுபடி எஞ்சினியரைக் கூப்பிட்டார். அளவை எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஊற்றிவிடுங்கள் என்று அனுமதி வந்தது. லாரிகள் வரிசையாக வந்தன. சாயங்காலத்துக்குள் குழி நிரம்பிவிட்டது.

வியாழக்கிழமை தங்கை பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வந்தவள் பார்த்தது, தரையோடு தரையாக ஒரு சாம்பல் நிறப் பட்டை. அளவுத்தாள் எங்கே என்று கேட்டாள். லாரி சேற்றில் மாட்டிக்கொண்டதில் தான் ரோட்டிலேயே நின்றுவிட்டதாகவும், அளவு என்கிற நினைப்பே வரவில்லை என்றும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கொஞ்சம் கூடுதலாகவே தோண்டினோம், எவ்வளவு என்று யார் பார்த்தார்கள் என்றார்.

அந்த மாத விண்ணப்பத்தின் பெரிய பகுதியே அந்த அஸ்திவாரம்தான். கான்ட்ராக்டரின் கையிருப்பு வற்றிப் போயிருந்தது. கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் ஆட்கள் ஒன்பது பேர் ஏற்கனவே ஒரு மாதம் பொறுத்திருந்தார்கள். அவர்களுக்கு வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவர்களின் தலைவர் நல்ல மாதிரி. காசு பிறகு வரட்டும், திங்கட்கிழமை காலையில் சர்டிபிகேட்டைக் கண்ணில் காட்டுங்கள், இருக்கிறோம். இல்லாவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவர்கள் போய்விட்டால் தூண் எழும்பாது, பெருமழைக்கு முன் கூரை வராது, வேலை அப்படியே நின்றுவிடும். அதற்குக் காரணம் கையெழுத்தில்லாத ஒரு தாள், அதாவது தான் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கான்ட்ராக்டர் அவளைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். அலுவலக அறை என்று சொல்லப்பட்ட தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு வழி சொன்னார்.

"வரைபடத்துல இருக்கிற ஆழத்தையே போட்டு ஒரு தாள் எழுதுங்க அக்கா. புதன்கிழமை தேதி போடுங்க. மத்தத் தாளோட நடுவுல வச்சுட்டா அந்தாள் மொத்தமா கையெழுத்துப் போடும்போது கவனிக்கவா போறாரு?"

"ஒரு சென்டிமீட்டரை விடாதவரு நாப்பத்திரண்டு மீட்டரை விட்டுடுவாரா?" என்றாள் அவள். பிறகு குரலை இறக்கி, "அவரு விட்டாலும் நான் எழுத மாட்டேன் தம்பி. பார்க்காத அளவைப் பார்த்தேன்னு எழுதினா, இத்தனை வருஷம் எழுதினதெல்லாம் என்ன ஆகும்?"

அவர் மேசையில் கிடந்த பேனாவைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். கடைசியில், உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள் என்று எழுந்து போய்விட்டார். அந்த நிலைமையில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இன்னொரு கோடு போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு அல்ல, மறுநாள் காலை, தலை தெளிவாக இருக்கும்போது உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை முடிந்த மொத்த அளவு. அதிலிருந்து போன சான்று வரை ஒப்புக்கொள்ளப்பட்டதைக் கழித்தால் இந்த மாதத்துக்கு உரியது. அதிலும் நூற்றுக்கு ஐந்து, வேலை முழுதாக முடிந்து குறை தீரும்வரை நிர்வாகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அஸ்திவாரத்துக்கு வந்ததும் பேனா நின்றது. லாரிச் சீட்டுகளைக் கூட்டினால் வரைபடக் கணக்கைவிட ஐந்து கன மீட்டர் கூடுதலாகக் கான்கிரீட் வந்திருந்தது. ஆனால் சீட்டு, எவ்வளவு வந்தது என்றுதான் சொல்லும். எங்கே போனது என்று சொல்லாது. ஒப்பந்தப்படி காசு குழியின் அளவுக்குத்தான். கூடுதலை விட்டுவிட்டாள். ஒன்றரை மீட்டர் என்று போட்டு, குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: வரைபடத்தின்படி, ஊற்றுவதற்கு முன் கூட்டாக அளக்கப்படவில்லை, தவறு எங்களுடையது.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிட்டாள்.

எஞ்சினியரின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி. சான்று கொடுக்க ஒப்பந்தம் அவருக்குப் பதினான்கு நாள் அவகாசம் தந்திருந்தது. சென்ட்ரிங் ஆட்களின் கதையைச் சொல்லி, முடிந்தால் சனிக்கிழமையே பார்க்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் கேட்டிருந்தார், அவரும் ஒத்துக்கொண்டார். ஐம்பது வயதுப் பெண்மணி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர், அதனாலேயே எல்லோருக்கும் பயம். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் மில்லிமீட்டர், மடியில் ரெக்சின் பை. அளவு அக்கா மற்றதை அரை அடி நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.

எஞ்சினியர் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செங்கல் வேலை சரி, பூச்சு சரி, ஓடு பதித்ததில் ஒரு கூட்டல் பிழை, திருத்தினார். குறிப்புக் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"மூடின வேலையை அளக்காம எப்படிச் சான்று கொடுக்கிறதும்மா? ஊத்தச் சொல்லும்போதே அளவை எடுத்துக்கங்கன்னு சொன்னேனே. ஒப்பந்தப்படி பார்த்தா, பக்கத்துல தோண்டி அடிமட்டத்தைக் காட்டணும். அந்தச் செலவும் உங்களதுதான்."

தோண்ட வேண்டும் என்றால் அந்த ஈர மண்ணில் பத்து நாள். அஸ்திவாரம் இந்தச் சான்றிலிருந்து விழுந்து அடுத்த மாதத்துக்குப் போகும். திங்கட்கிழமை ஒன்பது பேரும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அளவு அக்காவுக்கு வாதாட ஒன்றும் இல்லை. "தப்பு எங்களதுதான் மேடம். தோண்டிக் காட்டுறோம்" என்றாள்.

அப்போது பக்கத்தில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மில்லிமீட்டர் பையிலிருந்து தன் டைரியை எடுத்தார். நனைந்து காய்ந்து உப்பிப் போன டைரி. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பென்சில் முனையால் பிரித்துப் பிரித்து ஒரு பக்கத்துக்கு வந்து மேசையில் வைத்தார்.

புதன்கிழமை, மதியம் இரண்டு இருபது, மழை. கீழே குழியின் படம். ஆறு மீட்டருக்கு ஒன்றாக எட்டு இடத்தில் ஆழம். மேற்குப் பாதியில் நாலு இடத்திலும் ஒன்று ஐம்பது. கிழக்கே போகப் போக ஒன்று எழுபத்திரண்டு, ஒன்று தொண்ணூறு, ஒன்று தொண்ணூற்றைந்து, கடைசியில் ஒன்று எண்பது. அகலமும் எட்டு இடத்தில். அத்தோடு விடவில்லை மனுஷன்; கைபேசியில் எட்டுப் படம், ஒவ்வொன்றிலும் குழிச் சுவரோரம் டேப் தொங்குகிறது, எண் தெரிகிறது. மேஸ்திரி ரோட்டில் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கரை சரிகிற குழிக்குள் இந்த ஒற்றைநாடி ஆள் இறங்கியிருக்கிறார்.

எஞ்சினியர் டைரியையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க கேட்டிருக்கிறதைவிட உங்க அளவு கூட இருக்கே?"

"கூடத்தான் மேடம். இருக்கிறதைத்தானே எழுத முடியும்" என்றார் மில்லிமீட்டர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வென்டிலேட்டர் எழுபத்தொன்று என்று சொன்ன அதே குரல்.

எஞ்சினியர் அளவு அக்காவின் பக்கம் திரும்பி, கூடுதலாகத் தோண்டியது தெரியாதா என்று கேட்டார். தெரியும், நிரூபிக்க வழி தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை என்றாள் அவள். அவர் டைரிப் பக்கத்தை நகலெடுக்கச் சொல்லி, லாரிச் சீட்டுகளையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப் போயின. எட்டு ஆழத்தின் சராசரியைப் போட்டு, ஒன்றரையை அடித்துவிட்டுப் புது அளவை எழுதினார். நகலின் அடியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடச் சொன்னார். இது இடைக்காலச் சான்றுதான், பிசகு ஏதாவது தெரிந்தால் அடுத்ததில் திருத்திக்கொள்வேன் என்றார். இனிமேல் எதையும் மூடுவதற்கு முன் எழுத்தில் தகவல் வராவிட்டால் தோண்டத்தான் வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அப்புறம் சான்றில் கையெழுத்துப் போட்டார். கேட்டதைவிடப் பெரிய தொகைக்குச் சான்று வாங்கிக்கொண்டு வருவது அளவு அக்காவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

படியிறங்கும்போது முன்னால் அவர், பின்னால் இவள். நடுவில் மேஸ்திரி இல்லை. கடைசிப் படியில் அவள் பேச்சை எடுத்தாள்.

"அளந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாளா நான் சாப்பிடலை."

"நீங்க கேப்பீங்கன்னு வியாழக்கிழமை முழுக்க டைரியை வச்சுக்கிட்டு நின்னேன். நீங்க அந்தப் பக்கமாவே போயிட்டீங்க."

உண்மைதான். அவர் நிற்பதைப் பார்த்துத்தான் அவள் சுற்றிக்கொண்டு போனாள். வெட்கமாக இருந்தது. மருந்துக்கடை வாசலில் நின்று, மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள்: "ரொம்ப நன்றி. ஒம்பது குடும்பத்துக்கும் சேர்த்துச் சொல்றேன்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார். "நன்றி எதுக்கு? இல்லாததை எழுதியிருந்தீங்கன்னா இதே டைரியை வச்சு அடிச்சிருப்பேன்" என்றார்.

அவளுக்குத் தொழில் புத்தி விடவில்லை. "குழிக்குள்ள தனியா இறங்கினீங்களே, பூஜ்யத்தை யாரு பிடிச்சா?"

"யாரும் இல்லை. அடியில ஒரு ஆணி அடிச்சு மாட்டினேன். ஆணி ரெண்டு தடவை பிடுங்கிக்கிச்சு. திரும்ப அடிச்சு, முதல்லேர்ந்து எடுத்தேன்."

மழையில், சரிகிற மண்ணுக்குள், இரண்டு தடவை முதலிலிருந்து. அளவு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் வந்துவிட்டது நல்லதாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை சென்ட்ரிங் தலைவர் சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததைச் சரியாகத் திருப்பிப் பார்த்து, தன் ஆட்களிடம் பையை இறக்கி வைக்கச் சொன்னார். கான்ட்ராக்டர் அளவு அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போய்விட்டார். ஒன்பது நாள் கழித்துப் பணம் வந்தது. ஒன்பது பேருக்கும் பாக்கி தீர்ந்தது.

அந்தத் திங்கட்கிழமையே குறுக்குச் சுவருக்கான குழி தயாராக இருந்தது. மில்லிமீட்டர் டேப்பை உருவிக்கொண்டு கரையில் நின்று, வழக்கம்போல மேஸ்திரியைத் தேடினார். அளவு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். படிக்கிற முனைக்குப் போய்ப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. குனிந்து, டேப்பின் பூஜ்ய முனையைக் குழியின் அடித்தரையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

"படிங்க" என்றாள்.

டேப் ஒன்று ஐம்பத்திரண்டுக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் நடுவில் நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒண்ணு அம்பத்திரெண்டு" என்றார், அவளைப் பார்த்து.

"எழுதிக்கங்க" என்றாள் அவள். தாளில் அன்றைக்கே, அந்தக் குழியின் கரையிலேயே, இரண்டு கையெழுத்தும் விழுந்தன.